அறந்தாங்கி ஏஜென்சி பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுப் பணத்தில் 30 லட்சத்தைப் போட்டு, அறந்தாங்கியில் அந்த பிஸ்கட் கம்பெனியின் ஏஜென்சியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடு என்பதுதான் என் பதில். ஆனால் கம்பெனி அதிகாரி போட்டுக்கொடுத்த கணக்கை நம்பி எடுக்காதே.

மாதம் 30 லட்சம் விற்பனை, 5% கமிஷன், செலவு 80,000 போக மாதம் 70,000 நிற்கும் என்று அவர் சொல்கிறார். அதன்படி உன் முதலுக்கு ஆண்டுக்கு 28% வருகிறது. ஆனால் அவர் சொல்லும் 30 லட்சம் விற்பனை, கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது ஏஜென்சி வைத்திருந்தவருக்குப் பில் போட்ட தொகை. ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்குப் போட்ட பில்லைக் கூட்டினால் 24 லட்சம்தான் வருகிறது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக இறக்கிய மிச்சச் சரக்கு குடோனில் கிடக்கிறது. முன்னவர் விட்டுப்போனதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே 24 லட்சத்தை வைத்தே பார்ப்போம். கமிஷன் 1,20,000, குடோன் வாடகை, வேன், ஆட்கள் சம்பளம், வாராக்கடன் என்று 80,000 போனால் 40,000 மிஞ்சும். உன் முதலீட்டில் 18 நாள் சரக்கில் ஏறக்குறைய பதினாலரை லட்சமும், மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கும் 12 நாள் கடனில் ஒன்பதரை லட்சமும் முடங்கும். ஸ்கீமுக்காக நீ கொடுத்த தள்ளுபடியைக் கம்பெனி திருப்பித் தரும்வரை 2 லட்சம் நிற்கும். பழைய வேனுக்கு 4 லட்சம். மொத்தம் 30 லட்சம், வருமானம் ஆண்டுக்கு 4,80,000, அதாவது 16%. நீ தினமும் குடோனில் உட்கார்ந்தால் மட்டுமே இது. மானேஜர் வைத்தால் பாதி போய்விடும்.

ஆபத்து எங்கே என்றால், கமிஷன் 5%இலிருந்து 4% ஆனாலே மாதம் 24,000 குறைந்து, முதலுக்கு 6.4% மட்டுமே தேறும். அதற்கு வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கலாம். கடைக் கடன் 20 நாளாக நீண்டால் அவ்வளவு மோசமில்லை. இன்னும் ஆறரை லட்சம் முடங்கி, 13% நிற்கும்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். தேதி முடிந்த சரக்கை எடுத்துக்கொள்வதாக ஒரு கம்பெனி வாய்வார்த்தையில் சொன்னதை நம்பி, ஏறத்தாழ 3 லட்சத்தைக் குப்பையில் கொட்டினேன். ஆகவே நியமனக் கடிதத்தில் மூன்றை எழுதி வாங்கு: காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பது, நீ விலகினால் இருப்புச் சரக்கைப் பில் விலைக்கே ஏற்பது, ஸ்கீம் தள்ளுபடிக்கான கிளைம் தொகையை 45 நாளுக்குள் தருவது. இரண்டாவதற்கு அவர்கள் இணங்காவிட்டால் அங்கேயே விட்டுவிடு. மற்றதில் பேரம் பேசலாம்.

ஞாயிறன்று நானும் வருகிறேன். முன்னவரின் ஆறு மாதக் கடை பில்களை எடுத்துவைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்