ஏழாவது இலக்கத்தை வெட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இடத் தரவுகளுக்கான அட்டவணைகளை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் களத்தில் நின்று புள்ளி எடுக்கும் சர்வேயர். நீங்கள் அமைத்த அட்டவணையில் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தசமப் புள்ளிக்குப் பிறகு 5 இடங்கள் விட்டிருக்கிறீர்கள். அதனால் தரையில் இருக்கும் ஒரு மூடி பட்டியலிலிருந்து காணாமல் போனது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு தெருவோரத்தில் வடக்கு தெற்காக இரண்டு இரும்பு மூடிகள். ஒன்றின் கீழே தண்ணீர்க் குழாயின் வால்வு, மற்றொன்றின் கீழே கேபிள் இணைப்பு. இடைவெளி 40 செ.மீ. சென்டிமீட்டர் கணக்கில் இடம் காட்டும் ஆர்.டி.கே. செயற்கைக்கோள் கருவியை இரண்டின் மேலும் நிறுத்தி எடுத்த அட்சரேகைகள் இவை: 24.6137482, 24.6137518. தீர்க்கரேகை இரண்டுக்கும் ஒன்றே.

இந்தப் புள்ளிகள் உங்கள் அட்டவணைக்குள் போனதும் ஐந்தாம் இடத்துக்கு முழுமையாக்கப்பட்டன. இரண்டும் 24.61375 ஆகிவிட்டன. அடுத்த வாரம் 'இரட்டைப் பதிவுகளை நீக்குதல்' என்ற துப்புரவு ஓடியது. ஒரே இடத்தில் இரண்டு பதிவு எதற்கு என்று அது வால்வைத் தூக்கிவிட்டது. பழுது பார்க்கப் போனவர்கள் கேபிள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கணக்கு எளிது. பழைய காலத்தில் மீட்டரை வரையறுத்தபோதே துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றுதான் வைத்தார்கள். அப்படியானால் 90 பாகைக்கு 10,000 கி.மீ., ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கி.மீ. இதைப் பத்தால் வகுத்துக்கொண்டே போனால் போதும். ஐந்தாம் இடத்தில் ஒரு படி 1.1 மீட்டர். ஆறாம் இடத்தில் 11 செ.மீ. ஏழாம் இடத்தில் 1.1 செ.மீ. முழுமையாக்கும்போது வரும் பிழை அதிகபட்சம் அரைப் படிதான். ஆகவே 5 இடங்கள் ஒரு புள்ளியை 55 செ.மீ. வரை நகர்த்தலாம், 7 இடங்கள் 6 மில்லிமீட்டரைத் தாண்டி நகர்த்தாது.

என் மூடிகளையே 6 இடங்களில் எழுதிப் பாருங்கள். 24.613748, 24.613752. இடைவெளி 44 செ.மீ. என்று வரும், உண்மையை விட 4 செ.மீ. கூடுதல். எந்த மூடி எது என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு இது தாராளம். அளந்த தூரத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் ஏழாவது வேண்டும்.

முழுமையாக்காமல் சும்மா வெட்டியிருந்தால்? 24.61374, 24.61375 என்று நிற்கும். இரண்டு மூடிகளும் பிழைத்திருக்கும், ஆனால் 40 செ.மீ. இடைவெளி 1.1 மீட்டராக ஊதியிருக்கும். தவிர, வெட்டினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாகச் சரியும். முழுமையாக்கினால் பிழை இரு பக்கமும் சிதறும்.

தீர்க்கரேகையில் படி இதைவிடச் சிறியது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக அது சுருங்கும்; 60 பாகை அட்சரேகையில் சரிபாதி. அங்கே ஒரு இலக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பாதியானால் பத்தில் ஒன்று ஆகிவிடாது.

சரி, அட்டவணையின் பத்தியை 7 இடங்களாக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இருக்கும் எண் வகையைப் பார்த்தீர்களா? 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருந்தால் திரையில் ஏழு இலக்கம் தெரியும், உள்ளே அது இருக்காது. அந்த வகை 16 முதல் 32 வரையுள்ள எண்களில் 0.0000019 பாகை கொண்ட படிகளாகத்தான் நகரும். என் மூடிகளின் அட்சரேகைக்கு அது 21 செ.மீ. தீர்க்கரேகை 64-ஐத் தாண்டினால் ஒரு படி 0.0000076 பாகை, நிலநடுக்கோட்டில் 85 செ.மீ. 128-ஐத் தாண்டினால் அதுவும் இரட்டிப்பு. கண்டுபிடிக்கும் வழி சுலபம்: வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். புள்ளிகள் இயல்பாகச் சிதறாமல் கோலப் புள்ளிகள் போல வரிசை கட்டி நின்றால் எண் வகை தின்றுவிட்டது என்று அர்த்தம்.

64 பிட் எண் போதும். அல்லது பத்தியை இப்படி வையுங்கள்:

```sql
lat   DECIMAL(9,7)
lon   DECIMAL(10,7)
acc_m DECIMAL(6,3)
```

இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமா? பாகையை ஒரு கோடியால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக வைக்கலாம். 180 பாகை 180 கோடி ஆகும், அந்த வகையின் எல்லை 214 கோடிக்கு மேல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் ஏழு இடங்களோடுதான் வைத்திருக்கிறது.

மேலே மூன்றாவதாக `acc_m` என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதற்காகத்தான் பாதி மடல். உங்கள் அட்டவணையிலேயே செல்போனில் எடுத்த பதிவுகளும் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய ஏற்றுமதிக் கோப்பு ஒன்றில் அவை 14 தசம இடங்களோடு வந்தன. பதினான்காவது இடம் என்பது ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். அந்தப் போனோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். அந்தப் புள்ளிகளுக்கு 6 இடங்கள் போதும். அந்த ஆறு கூட அவை துல்லியமானவை என்பதற்குச் சாட்சி இல்லை. இலக்க எண்ணிக்கை எழுத்தின் நுணுக்கத்தைத்தான் சொல்லும். அளவு எவ்வளவு சரி என்பதை `acc_m` தான் சொல்ல வேண்டும். இலக்கங்களை எண்ணித் துல்லியத்தை ஊகிக்கவும் முடியாது. விரிதாளில் திறந்தாலே 24.6137500 என்பது கடைசிப் பூஜ்யங்களை இழந்து 24.61375 ஆகிவிடும். நான் சென்டிமீட்டர் கணக்கில் எடுத்தது, பார்ப்பவர் கண்ணுக்கு மீட்டர் கணக்காகிவிடும்.

இன்னொன்று. ஏழாவது இடத்தைக் கேட்கிற எவரும் பாகைகளை எதை வைத்து அளக்கிறோம் என்று சொல்லும் ஆதார அமைப்பு எது, எந்த ஆண்டு நிலவரப்படி என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தரையே நகர்கிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 செ.மீ. அளவில் வடகிழக்காகப் போகிறது. அங்கே GDA94 அமைப்பிலிருந்து GDA2020-க்கு மாறியபோது அதே அளவைக் கல்லின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் 1.8 மீட்டர் அளவுக்கு மாறின. அமைப்பின் பெயர் இல்லாத ஏழு இலக்கம் அங்கே ஐந்து இலக்கத்துக்குக்கூட ஈடாகாது.

வால்வின் மூல அளவு என் கருவியின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பத்தியை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே மறுபடி அனுப்புகிறேன். இரட்டைப் பதிவு நீக்கும் வேலையை மட்டும் அதுவரை நிறுத்தி வையுங்கள். அதே தெருவில் இன்னும் மூன்று ஜோடி மூடிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
புள்ளி எடுத்தவன்