இலாபம் இருந்தும் இந்த வருடம் பங்குலாபம் ஏன் இல்லை: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்கள் யோகட் கம்பனியின் மார்ச் 31 வரையான கணக்கில் நேற்று கையெழுத்து வைத்தாயிற்று. இந்த வருடம் பங்குலாபம் இல்லை. ஒரு ரூபாயும் இல்லை. இதை நான் முதலில் உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். பணம் போட்ட மற்ற வீட்டாரும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். ஆனாலும் பதில் உங்களுக்குத்தான்.

சித்திரை வருடப்பிறப்பன்று சாப்பாட்டு மேசையில் கணக்குத்தாளை விரித்து வைத்து, 21 இலட்சம் என்ற வரியில் விரலை வைத்தீர்கள். "இந்தக் காசு எங்கே இருக்கு, சொல்லு" என்றீர்கள். மாமாவும் மற்றவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் "வரும்" என்று மட்டும் சொன்னேன். அது பதிலே இல்லை. அன்று என்னிடம் வேறு தாள் இருக்கவில்லை. நான் கொண்டு வந்தது இலாப நட்டக் கணக்கு மட்டும். பணம் எப்படி ஓடியது என்று காட்டும் தாளைக் கொண்டு வராதது என் பிழை.

அந்தத் தாளை இப்போது வாயால் சொல்கிறேன். இலாபம் 21 இலட்சம். இயந்திரத் தேய்மானம் என்று எழுதிய 6 இலட்சம் கையை விட்டுப் போகாத செலவு. ஆகவே வியாபாரம் 27 இலட்சத்தை உண்டாக்கியது. ஆனால் கடைகள் எங்களுக்குத் தர வேண்டிய கடன் போன மார்ச்சில் 12 இலட்சம், இந்த மார்ச்சில் 41 இலட்சம். அந்த 29 இலட்சம் கூடுதலும் விற்றோம் என்று எழுதி இலாபத்தில் சேர்த்த பணம், இன்னும் வராத பணம். அச்சடித்த கப், மூடி, பால்மா என்று களஞ்சியத்தில் 4 இலட்சம் கூடுதலாக முடங்கியது. பால்காரக் குடும்பங்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய தொகை 2 இலட்சம் கூடியதால் அவ்வளவு மட்டும் கையில் நின்றது. கூட்டிக் கழித்தால் வியாபாரமே 4 இலட்சத்தை விழுங்கியிருக்கிறது. அதன் மேல் யோகட் உறையும் இரண்டாவது அறைக்கு 7 இலட்சம், கடன் தவணைக்கு 3 இலட்சம். வருடத் தொடக்கத்தில் வங்கியில் 11 இலட்சம் இருந்தது. முடிவில் வங்கிக்கு நாங்கள் தர வேண்டிய மேலதிகப் பற்று 3 இலட்சம்.

அந்த 29 இலட்சத்தில் பெரும்பகுதி ஒக்டோபரில் தொடங்கிய கொழும்புக் கடைக்குழுமம். பெயரை எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். மாதம் 14 இலட்சத்துக்கு வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் "60 நாள்" என்றிருந்தது. அதை நான் சரியாக வாசிக்கவில்லை. அறுபது நாள் பில் தேதியிலிருந்து ஓடவில்லை, பில் போட்ட மாதம் முடிந்த பிறகுதான் ஓடுகிறது. மாதம் முதலாம் திகதி கொடுத்த யோகட்டுக்கு 90 நாள், கடைசித் திகதி கொடுத்ததற்கு 60 நாள். சராசரி 75. மாதம் 14 இலட்சம் என்றால் இரண்டரை மாதத்துக்கு 35 இலட்சம் சராசரியாக வெளியே நிற்கும். விற்பனை கூடக் கூட அதுவும் கூடும். ஆனால் பாலுக்கு நாங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் கொடுத்தாக வேண்டும். இடையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தை யாராவது தாங்க வேண்டும். தாங்கியது உங்கள் பணம்.

"சின்னக் கடைக்குப் பெட்டி பெட்டியாகப் போட்டால் எப்போது வளர்வது?" என்று என்னைக் கொழும்புக்குத் தள்ளியது நீங்கள்தான் என்பதையும் எழுதாமல் விட முடியவில்லை. முடிவெடுத்தது நான். ஆனால் எல்லோர் முன்னும் கேட்டபோது அந்தப் பேச்சையும் நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கப் கணக்கையும் பாருங்கள். கொழும்புக்கு ஒரு கப் 60 ரூபாய். பால், சீனி, ஜெலட்டின், கப், எரிவாயு, கூலி, கொழும்பு வரை குளிர் லொறி எல்லாம் சேர்த்து 50 ரூபாய். நூறு கப்பில் 1000 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஆனால் நூறில் 8 கப் திரும்பி வருகிறது, அதன் விலையான 480 ரூபாயை அவர்கள் கழித்துக்கொள்கிறார்கள். மிச்சம் 520, கப்புக்கு 5 ரூபாய் சொச்சம். 75 நாள் வங்கி வட்டியையும் போட்டால் மூன்றரை ரூபாய். கொட்டகலை, ஹட்டன் பக்கத்துச் சின்னக் கடைக்கு 62 ரூபாய். செலவு 45. திரும்புவது நூறில் 3. கப்புக்கு 15 ரூபாய் நிற்கிறது, அதுவும் கை மேல் காசு.

திரும்பி வந்த பெட்டிகளை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மூடி உப்பியிருந்தால் உள்ளே ஈஸ்ட் வளர்ந்து வாயு விட்டிருக்கிறது. ஒன்று எங்கள் மூடி வைக்கும் மேசை சுத்தமில்லை, அல்லது வழியில் குளிர் விட்டிருக்கிறது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் கப் குலுங்கியிருக்கிறது, அல்லது பாலில் திடப்பொருள் குறைவு. உப்பியது பெரும்பாலும் கொழும்பு இறக்குமிடத்தில் வெயிலில் காத்திருந்த நாட்களுடையது. ஹட்டனுக்குப் போன அதே தொகுதியில் ஒரு கப்பும் உப்பவில்லை. ஆகவே தவறு எங்கள் மூடி வைக்கும் மேசையில் இல்லை. வேலை செய்த பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெப்ரவரியில் பால் பணம் 9 நாள் தாமதமானது. இதை உங்களிடம் மறைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சில குடும்பங்கள் வேறு சேகரிப்பாளரிடம் போய்விட்டன, நாளைக்கு 40 லீற்றர் குறைந்தது. அவர்கள் மேல் கோபமில்லை, மாடு வைத்திருப்பவருக்கு அந்தப் பதினைந்து நாள் பணம்தான் அரிசி.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி, பங்குலாபம் கொடுத்த பிறகும் வரும் கடன்களை உரிய நேரத்தில் அடைக்க முடியும் என்று பணிப்பாளர்கள் திருப்திப்பட வேண்டும். மேலதிகப் பற்றில் நின்றுகொண்டு அப்படி என்னால் கையெழுத்துப் போட முடியாது. கணக்காய்வாளரும் அதற்குச் சான்று தரமாட்டார்.

அடுத்த வருடத்துக்கு: மே முதல் கொழும்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். குழுமத்தின் கண்டி, நுவரெலியா கிளைகளுக்கு மட்டும் மாதம் 5 இலட்சம். பில் தேதியிலிருந்து 30 நாள் என்று எழுதி வாங்கியிருக்கிறேன், அதற்கு விலையில் 1 ரூபாய் குறைத்தேன். தூரம் குறைவதால் லொறிச் செலவு 4 ரூபாய் இறங்கும். திரும்புவது 4ஆகக் குறைந்தால் வட்டி போகக் கப்புக்குப் பத்து ரூபாய் நிற்கும். மொத்த விற்பனை இந்த வருடத்தைத் தாண்டாது. அதை வளர்ச்சி இல்லை என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

பழைய பாக்கி கடைசி மாதமான ஏப்ரல் பில்லோடு ஜூன் முடிவில் வந்து சேர வேண்டும். வெளியே நிற்கும் 35 இலட்சம் 5 இலட்சமாகும்போது 30 இலட்சம் கைக்கு வரும். முதல் 3 மேலதிகப் பற்றுக்கு. ஒரு மாதப் பாலும் கூலியும் என்ற கணக்கில் 15 இலட்சத்தைத் தொடாமல் வைப்பேன். 4 இலட்சம் குளிரறைக்கு ஜெனரேட்டர். மீதி 8 இலட்சத்தை, செப்டெம்பர் 30இல் அந்த 15 கையில் இருந்தால் மட்டும், இடைக்காலப் பங்குலாபமாகப் பிரிப்போம். உங்கள் ஐந்தில் ஒரு பங்கு 1,60,000. 15 வீத வரி கழித்து 1,36,000.

உங்கள் ஈ.பி.எஃப். பணத்தை எந்த நம்பிக்கையில் கொடுத்தீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதம் 5ஆம் திகதியும் மூன்று எண்களை உங்களுக்கு அனுப்புவேன்: வங்கி மீதி, கடைகள் தர வேண்டியது, திரும்பிய கப் நூறில் எத்தனை. ஜூன் பாக்கி வராவிட்டால் அதையும் அன்றே சொல்வேன். அதற்குப் பிறகு மேசையில் கேளுங்கள், எல்லோர் முன்னும் கேளுங்கள்.

அன்புடன்,
தம்பி