கட்டடப் பொறியியல் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மன்றத்தின் பொறுப்பாசிரியர், தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இவ்வாண்டு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்கிறார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை நாங்கள் அனுப்பிய ஓர் அழைப்பு மின்னஞ்சலைப் பற்றியே எழுதுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து வலுப்படுத்தும் பணியில் நீண்ட அனுபவமுள்ள மூத்த பொறியாளர் ஒருவரைச் சிறப்புரையாற்ற அழைத்து இரு முறை எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு மறுநாளே வந்தது.

முதல் கடிதத்தை எழுதியவன் நான். மன்றத்தின் வரலாற்றை மூன்று பத்திகளில் விவரித்துவிட்டு, “தங்களுக்கு வசதியான ஏதேனும் ஒரு நாளில், தங்களுக்கு விருப்பமான ஏதேனும் ஒரு தலைப்பில் உரையாற்றுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்” என்று முடித்திருந்தேன். இதைப் பணிவு என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் தலைப்பைத் தேடுவதும், மாணவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று ஊகிப்பதும், நாளைக் குறிப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. போதாக்குறைக்கு அதே கடிதத்தை ஐந்து பேருக்கு ஒன்றாக அனுப்பியதால், பெறுநர் வரிசையில் ஐந்து முகவரிகளும் எல்லார் கண்ணிலும் பட்டன. நாம் போகாவிட்டால் மற்றொருவர் போவார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இரண்டாம் முறை, எழுதுவதற்கு முன்பே துறைத் தலைவரின் அனுமதியைப் பெற்று, இரண்டு நாள்களுக்கு அரங்கைப் பதிவு செய்து, பயணச் செலவுக்குப் பொருளாளரின் ஒப்புதலையும் வாங்கிக்கொண்டோம். நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் இருக்கும்போது, அந்தப் பொறியாளர் ஒருவருக்கு மட்டும், மன்றத்தின் பொது முகவரியிலிருந்து கடிதம் சென்றது. “சிறப்புரை அழைப்பு: மார்ச் 12 அல்லது 19, கட்டடப் பொறியியல் மாணவர் மன்றம்” என்பது அதன் பொருள் வரி. உள்ளே எழுதியிருந்தது இது:

“மதிப்பிற்குரிய ஐயா, தூண்களைச் சுற்றிக் கான்கிரீட் உறையிட்டு வலுப்படுத்துவது பற்றித் தாங்கள் ஆற்றிய உரையை எங்கள் உறுப்பினர் இருவர் கேட்டனர். ஒரு தூணில் விரிசலைக் கண்டால், அது மேற்பூச்சோடு நிற்பதா, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்ததால் வந்ததா என்பதைக் களத்தில் எவ்வாறு முடிவு செய்கிறீர்கள் என்று எங்களுக்கு விளக்க இயலுமா? இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏறத்தாழ 60 பேர் வருவர். அவர்கள் வடிவமைப்புப் பாடம் படித்தவர்கள். பழுதுபார்க்கும் களத்தைப் பார்த்ததில்லை. உரைக்கு 40 நிமிடமும் கேள்விகளுக்கு 20 நிமிடமும் ஒதுக்கியுள்ளோம். நேரில் வந்தாலும் இணையவழிப் பேசினாலும் எங்களுக்குச் சம்மதமே. பயணச் செலவை மன்றம் ஏற்கும். மதிப்பூதியம் வழங்க எங்களால் இயலாது. பிப்ரவரி 24க்குள் ஒரு வரியில் தெரிவித்தால் போதும். இயலாதெனில் வேறொருவரைப் பரிந்துரைத்தாலும் நன்றியுடையவர்களாவோம்.”

கீழே என் பெயரும் பொறுப்பாசிரியரின் பெயரும் எங்கள் தொலைபேசி எண்களும் இருந்தன. இணைப்பு எதையும் சேர்க்கவில்லை.

மதிப்பூதியம் பற்றிய வரியைக் குறித்துக் குழுவில் நெடுநேரம் வாதம் நடந்தது. மூத்தவரிடம் பணப் பேச்சை எடுப்பது மரியாதையன்று என்று சிலர் கருதினர். சொல்லாமல் விட்டால் அவரே கேட்க நேரும், அதுவே அவருக்குச் சங்கடம் என்பது என் கருத்து. அந்த வரி இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவர் 19ஆம் நாளைத் தேர்ந்தெடுத்து, தம் மடிக்கணினியை அரங்கின் படவீழ்த்தியில் இணைக்க முடியுமா என்று மட்டும் கேட்டு எழுதினார்.

நேரில் சந்தித்தபோது முதல் கடிதத்தைப் பற்றித் தயக்கத்துடன் கேட்டேன். அது கிடைத்ததாகவும், என்ன பேசுவது என்று யோசித்து எழுதலாமென ஒதுக்கி வைத்து மறந்துவிட்டதாகவும் சொன்னார். ஒரு வாரம் கழித்து, அதே கடிதத்தொடரில் இரண்டு வரியில் நினைவூட்டியிருந்தால் அப்போதே பதில் வந்திருக்கக்கூடும். அதையும் நாங்கள் செய்யவில்லை.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். நிகழ்ச்சியன்று காலையில் தொடக்க நேரத்தை அரை மணி தள்ளி வைத்து, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோம். பேச்சாளருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். அவர் பூட்டிய அரங்கின் வாசலில், துருப்பிடித்த கம்பித் துண்டொன்றைத் துணியில் சுற்றிக் கையில் வைத்தபடி காத்திருந்தார். மன்றத்தின் சார்பில் மறுநாள் அனுப்பிய நன்றிக் கடிதத்தில் இதற்கு வருத்தம் தெரிவித்தோம்.

இரு அழைப்புக் கடிதங்களையும் மன்றக் கோப்பில் சேர்த்துள்ளேன். நேர மாற்றத்தை முதலில் பேச்சாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பைப் புதிய செயலாளருக்கு உரியதாக்கும் தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் பேரவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்