செல்விக்கு, உன் மெசேஜ படிச்சிட்டு எழுதறது

செல்வி,

எப்படி இருக்கே டி? போன வாரம் போன்ல பேசினப்போ உன் குரல் பழைய குரலா இருந்துச்சு, அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவ பத்தாவது, ரிவிஷன் டெஸ்ட்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருக்கா, நானும் கூடவே முழிச்சிட்டு உக்காந்திருக்கேன், அந்த நேரத்துலதான் இத எழுதறேன்.

நீ அந்த பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அனுப்பறதுக்கு எழுதி வச்சிருக்கற மெசேஜ மூணு தடவ படிச்சேன். நேரா சொல்லிடறேன், அத அப்படியே அனுப்பாத. எழுத்துல குறை இல்ல, ஒவ்வொரு வரியும் உண்மை, ஆனா மொத்தம் 21 வரி, அதுல 14 வரி ஆஸ்பத்திரி. எந்த மாசம் கட்டி தெரிஞ்சுது, ஆபரேஷன் எந்தப் பக்கம், கீமோ எத்தன சைக்கிள், முடி கொட்டுனது, ரேடியேஷனுக்கு தினம் பஸ்ல போனது எல்லாம் இருக்கு. டேலியும் ஜிஎஸ்டியும் கடைசி மூணு வரியில இருக்கு. வாட்ஸ்அப்ல நீளமா வந்தா பாதியில வெட்டி 'மேலும் படிக்க'ன்னு வரும்ல, எனக்கு நீ அனுப்பினது கட்டிங்கற வார்த்தையோட நின்னுச்சு. அந்த ஓனர் உன்ன பத்தி முதல்ல பார்க்கப் போறது அந்த வார்த்தையத்தான்.

எட்டு வருஷமா நானும் ஆள் எடுக்கற சீட்ல உக்காந்திருக்கேன், அதனால அந்தப் பக்கம் என்ன நடக்கும்னு தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஆபீஸுக்கு இதே மாதிரி ஒரு பொண்ணு எழுதியிருந்தா, எல்லாத்தையும் திறந்து வச்சு எழுதியிருந்தா. மேனேஜர் படிச்சிட்டு கண் கலங்கிட்டார், பாவம்மா, இந்த ஷிப்மென்ட் சீசன்ல இங்க வந்து அந்தப் பொண்ணு கஷ்டப்படணுமா, அப்படின்னு ஓரமா வச்சிட்டார். வெறுப்பு இல்ல டி, இரக்கம்தான், ஆனா வேலை போச்சு. அந்தப் பொண்ணோட ரெஸ்யூமை அவர் திறக்கவே இல்ல. இன்னொரு விஷயம், இந்த ஊர்ல வேலைக்கு வர்ற மெசேஜ் ஓனர் போனோட நிக்காது, மேனேஜருக்கு ஃபார்வர்ட் ஆகும், ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்கு ஃபார்வர்ட் ஆகும். உன் உடம்பு சமாச்சாரம் முகம் தெரியாத அஞ்சு பேர் போன்ல கிடக்கணுமா?

அதுக்காக உங்க அண்ணன் சொன்ன மாதிரி 'பெர்சனல் ரீசன்'னும் போடாத. பொம்பளைங்க அப்படிப் போட்டா படிக்கறவங்க மனசு எங்கெங்கயோ போகும், புருஷனோட தகராறா, பழைய இடத்துல கணக்குல ஏதாவது பிரச்சனையா, மறுபடியும் லீவு கேப்பாளான்னு. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அந்த ரெண்டாவது சந்தேகம் ரொம்ப மோசம். 'உடல்நலக் காரணம்'னு ரெண்டு வார்த்தை போட்டா அந்த யோசனையெல்லாம் அங்கயே நின்னுடும். காரணம் சொல்லியாச்சு, விவரம் சொல்லல, ரெண்டும் வேற வேற.

அப்புறம் பழைய வேலைய 2025 வரைக்கும் இழுத்துக் காட்டலாம்னு கேட்டியே, அது வேண்டவே வேண்டாம். உன் பிஎஃப் யூஏஎன் நம்பர்ல சர்வீஸ் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்த தேதி விலகின தேதி ரெண்டும் நிக்கும். புது கம்பெனி உன்ன பிஎஃப்ல சேர்க்கும்போது அந்த யூஏஎன்ன கேட்டு வாங்கும். எங்ககிட்ட ஒருத்தர் ஏழு மாச இடைவெளிய மறைக்கப் பார்த்தார், ஆஃபர் லெட்டர் குடுத்த அப்புறம் தேதி ஒத்து வரல, திரும்ப வாங்கிட்டாங்க. இடைவெளிக்காக இல்ல, தேதிக்காக. நீ முதல்ல உன் ஹிஸ்டரிய திறந்து பழைய கம்பெனி விலகின தேதிய போட்டிருக்காங்களான்னு பாரு, சில இடத்துல போடாம விட்டிருப்பாங்க. அங்க என்ன தேதியோ அதேதான் ரெஸ்யூம்லயும் இருக்கணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். அந்த ஓனருக்கு உன் வியாதி மேல அக்கறை இருக்கோ இல்லயோ, ஒரு பயம் கண்டிப்பா இருக்கும், இந்தம்மா ஒன்றரை வருஷம் கணக்கத் தொடல, இப்ப இருக்கற முறை தெரியுமான்னு. அது நியாயமான பயம். நீ வேலைய விட்டது 2024 ஆகஸ்ட். அதுக்கப்புறம் அக்டோபர்ல ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஐஎம்எஸ் வந்துச்சு, சப்ளையர் ஏத்துற பில்ல நாம பார்த்து அக்செப்ட், ரிஜெக்ட், பெண்டிங்னு போடலாம். 2025 ஜூலை ரிட்டர்ன்ல இருந்து 3பி-ல தானா வந்து விழுற வரித் தொகைய மாத்த முடியாது, தப்பு இருந்தா முன்னாடியே 1ஏ-ல போய் திருத்தணும். 2025 செப்டம்பர் 22-ல வரி விகிதமே மாறிடுச்சு, பாலியஸ்டர் நூல் 12-ல இருந்து 5 ஆச்சு, ரெடிமேட் துணி பீஸ் 2500 ரூபா வரைக்கும் 5 ஆச்சு. இது எல்லாம் நீ லீவுல இருந்தப்போ நடந்தது. ஆனா உனக்குத் தெரியும், ஏன்னா 2025 அக்டோபர்ல இருந்து உங்க மாமா நூல் கடைக்கு ரிட்டர்ன் போடறது நீதானே! அந்த விஷயத்த நீ மெசேஜ்ல எழுதவே இல்ல செல்வி. 14 வரி ஆஸ்பத்திரிய எழுதினவ அந்த ஒரு வரிய விட்டுட்டே. சம்பளம் வாங்கலன்னா அது வேலை இல்லன்னு நெனச்சுட்டியா? ரிட்டர்ன் ரிட்டர்ன்தான்.

நான் எழுதிப் பார்த்தது இது. அவங்க விளம்பரம் தமிழ்ல இருந்துச்சு, அதனால தமிழ்லயே அனுப்பு.

"வணக்கம். அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 9 வருட அனுபவம், டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ். 2024 ஆகஸ்டில் உடல்நலக் காரணமாக வேலையை விட்டேன். இப்போது முழு நேரம் வேலை செய்ய மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார். 2025 அக்டோபர் முதல் ஒரு நூல் கடையின் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை நானே தாக்கல் செய்கிறேன், ஐஎம்எஸ், புதிய வரி விகிதம் உட்பட. ரெஸ்யூம் இணைத்துள்ளேன். நேரில் வரத் தயார்."

எண்ணிப் பாரு, உடம்பு பத்தி ரெண்டே வாக்கியம், அதுவும் நடுவுல. முன்னாடி ஒன்பது வருஷம், பின்னாடி இப்ப பண்ற வேலை. வேணும்னேதான் அப்படி வச்சேன், கடைசியா படிச்சதுதான் மனசுல நிக்கும், அவர் போன் பண்ணா நூல் கடைய பத்தித்தான் முதல்ல கேப்பார். நீ போட்டிருந்த 'மன்னிக்கவும்', 'தயவுசெய்து ஒரு வாய்ப்பு' ரெண்டையும் எடுத்துட்டேன். உடம்பு முடியாம போனதுக்கு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல.

'முழுமையாக குணமாகிவிட்டேன்'ங்கற வரியையும் எடுத்துட்டேன், கோவிச்சுக்காத. நீ மாத்திரை இன்னும் சாப்பிடற, மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப் இருக்கு. குணமாயிட்டேன்னு எழுதிட்டு நாளைக்கு செக்கப்புக்கு லீவு கேட்டா, ஏன்னு கேப்பாங்க, நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடும். 'முழு நேரம் வேலை செய்யலாம்'ங்கறது உண்மை, அதுக்கு காகிதமும் இருக்கும். அந்த சான்று வாங்கும்போது டாக்டர்கிட்ட சொல்லு, இன்ன தேதியில இருந்து வேலைக்குப் போகத் தகுதின்னு மட்டும் எழுதுங்க, வியாதி பேர் வேண்டாம்னு. கேட்டா எழுதித் தருவாங்க. கேக்கலன்னா டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கறதெல்லாம் அதுலயும் வந்துடும். இன்னும் வாங்கலன்னா மெசேஜ் அனுப்பறதுக்கு முன்னாடி வாங்கிடு, இல்லாத காகிதத்த இருக்குன்னு எழுதக் கூடாது.

போன்ல 'என்னம்மா ஆச்சு'ன்னு கேப்பாங்க, நம்ம ஊர்ல கேக்காம இருக்க மாட்டாங்க, நல்ல மனசோடதான் கேப்பாங்க. "ஒரு சிகிச்சை எடுத்தேன் சார், இப்ப வேலைக்குத் தடையில்ல, அக்டோபர்ல இருந்து ரிட்டர்ன் போட்டுட்டுதான் இருக்கேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு நிறுத்திடு. அமைதியா இருந்தா நீ அத நிரப்பப் போகாத, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மறுபடியும் கேட்டா, "சான்று இருக்கு சார், சேரும்போது காட்டறேன்"னு சொல்லு.

எங்க கண்டிப்பா சொல்லணுமோ அதையும் சொல்லிடறேன். ஆஃபர் கைக்கு வந்த அப்புறம், சேர்றதுக்கு முன்னாடி, மூணு மாசத்துக்கு ஒரு நாள் செக்கப்புக்கு போகணும், இடது கையால கனமான ஃபைல் பெட்டி தூக்கக் கூடாது, இந்த ரெண்டையும் ஹெச்ஆர்கிட்ட சொல்லிடு. அதுக்கும் வியாதி பேர் தேவையில்ல. ஆனா குரூப் இன்சூரன்ஸ் ஃபார்ம் குடுத்து ஏற்கனவே இருக்கற நோய்னு கேட்டா, அங்க மட்டும் உள்ளத உள்ளபடி எழுது. அது கிளெய்ம் வரும்போது பார்க்கற காகிதம், அங்க மறைச்சா நாளைக்கு பணம் நிக்கும். முடிஞ்சா கவர்ல போட்டு ஒட்டிக் குடு, இல்லன்னா நேரா இன்சூரன்ஸ் ஆளுக்கு மெயில் பண்ணட்டுமான்னு கேளு.

இவ்ளோ எழுதினதுல ஒண்ணு தப்பா எடுத்துக்காத, அந்த 14 வரிய அழிச்சிடாத. எனக்கு அனுப்பின மெசேஜ் என்கிட்டயே இருக்கட்டும். ரேடியேஷனுக்கு பஸ்ல தனியா போனேன்னு இதுல எழுதியிருக்கறதப் பார்த்துதான் எனக்கே தெரியும், 25 நாள் போயிருக்க, ஒரு நாள் கூட கூப்பிடலயே டி என்ன. அத பத்தி நேர்ல பேசணும்.

ஞாயித்துக்கிழமை காலையில வரேன், அம்மா அரிசி பருப்பு சாதத்துக்கு பொடி அரைச்சு வச்சிருக்காங்க, கொண்டு வரேன். பிஎஃப் ஹிஸ்டரிய பிரின்ட் எடுத்து வை, ரெஸ்யூம்ல தேதிய ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துட்டு அங்கயே அனுப்பிடலாம்.

உன்
பானு