படத்துக்குக் கீழே நாலு வரி

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நம்ம கணக்கு வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்றைக்கே டாக்டரிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டாராம், அந்த டாக்டருக்கும் உன் கதிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆத்தங்குடியில் சித்தப்பாவின் தரைக்கல் பட்டறையைப் படம் எடுத்துப் போடப்போகிறோம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு வரி எழுதிக் கொடு என்று உன்னிடம் கேட்டிருந்தேன் அல்லவா? நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. ‘தலைமுறைகளின் கைவண்ணம், அன்பு கலந்து செய்த பாரம்பரியம்.’ மாப்ளே, விளம்பரக் கம்பெனியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் நீ, கோபித்துக்கொள்ளாதே. இதை மாவடு ஜாடிக்குக் கீழேயும் போடலாம், சோப்புக்குக் கீழேயும் போடலாம். ஆத்தங்குடிக் கல் என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. வாங்குகிறவருக்கு வருகிற சந்தேகம் எதற்கும் அதில் பதிலும் இல்லை.

அந்தச் சந்தேகம் எப்படி இருக்கும் என்பதைப் போன வாரம் நேரிலேயே பார்த்தோம். கோயம்புத்தூரில் ஒருவர் வீடு கட்டுகிறார். 400 சதுர அடி கூடத்துக்குப் பத்தங்குலக் கல், சிவப்புத் தரையில் மஞ்சள் பூ. கணக்குப்படி 576 கல், உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 600 சொச்சம் அனுப்பியிருந்தோம். லாரி போய் இறங்கிய சாயங்காலமே போன் வந்துவிட்டது. ஒரு பெட்டிச் சிவப்புக்கும் இன்னொரு பெட்டிச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரிகிறது, பூவின் ஓரம் சில கல்லில் நேராக இல்லை, பழைய சரக்கைத் தள்ளிவிட்டீர்களா என்று கேட்டார். பாவம், அவர் கேட்டதில் தப்பில்லை. ஆத்தங்குடி மாடல் என்று பூ அச்சடித்த செராமிக் கல்லைக் கடைகடையாகப் பார்த்தவர். அதில் ஆயிரம் கல்லை அடுக்கினாலும் ஒரு மயிரிழை மாறாது. அதே கண்ணோடு நம் கல்லைப் பார்த்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும்.

சித்தப்பா போனில் சமாதானம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அப்புறம்தான் நான் பட்டறையில் எடுத்து வைத்திருந்த படங்களில் மூன்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன நடக்கிறது என்று எழுதி அனுப்பினேன். உன் வரிகளைப் போடவில்லை. நீ எடிட் செய்யப்போவது இந்த மூன்றையும்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் படத்தில் கண்ணாடி. நீ ஒரு தடவை வந்திருக்கிறாய், ஆனால் அன்றைக்கு உன் கவனம் பூராவும் மதியச் சாப்பாட்டின் மேல். கல்லைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கல்லின் அளவுக்கு வெட்டிய கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்து, அதன்மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைப்பார்கள். அச்சு என்றால் தகட்டை வளைத்துச் செய்த அறைகள், ஒவ்வொரு அறையும் ஒரு நிறத்துக்கு. சிமெண்டு, நைசான மணல், நிறப்பொடி, தண்ணீர் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்கிவிடுவார்கள். அதுவரை தகடு பிரித்து வைத்திருந்த நிறங்கள் அந்த நொடியில் ஒன்றையொன்று தொடும். தோசை மாவுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான் இதற்கும் கை பதம் பார்க்க வேண்டும். தண்ணீர் கூடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும், குறைந்தால் மூலைவரை போகாமல் நின்று காற்றுக்குமிழ் தங்கிவிடும். பதம் சரியாக இருந்தாலும் தகடு எழுகிற இடத்தில் கோடு ஒரு நூல் அசையும். கோயம்புத்தூர்க்காரர் நேராக இல்லை என்று சொன்னது இந்தக் கோட்டைத்தான்.

அதற்குக் கீழே நான் எழுதியது இது: ‘கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம்தான் உங்கள் காலடியில் வரும் பக்கம். அதன் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் போட்டதில்லை. அச்சைத் தூக்கும்போது நிறங்கள் சேருகிற இடத்தில் கோடு லேசாக அசையும். ஒரு நிறம் பக்கத்து நிறத்துக்குள் ஓடியிருந்தாலோ மேலே ஊசித்துளைகள் இருந்தாலோ அது எங்கள் தவறு, மாற்றித் தருவோம்.’

கடைசி வரியைப் பார்த்துச் சித்தப்பா முகம் சுளித்தார். நாமே ஏன் தவறு என்று எழுத வேண்டும் என்றார். நான் விடவில்லை, மாப்ளே. எது கையின் இயல்பு, எது வேலைக் கோளாறு என்று பிரித்துச் சொல்லாமல் ‘கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று எல்லாவற்றையும் ஒரே போர்வையில் மூடுகிறவர்களால்தான் கைவேலைக்கே கெட்ட பெயர். மோசமான கல்லையும் அந்தப் பெயரில் தள்ளிவிடலாம் என்றால் பதம் பார்த்து ஊற்றுகிற அண்ணனுக்கு என்ன மரியாதை?

இரண்டாவது படத்தில் கல்லின் விளிம்பு, நெருக்கத்தில். நிறம் ஊற்றியதும் அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவுவார்கள், குழம்பில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையை அள்ளிப் போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் பண்ணுவார்கள். உடைந்த கல் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மேலே சில மில்லிமீட்டருக்கு நிறம், அதற்குக் கீழே சாம்பல் நிறக் கலவை என்று தெளிவாகத் தெரியும். செராமிக் கல்லை உடைத்தால் பூ மேல்தோலில்தான் இருக்கும். போலியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. அதனால் படத்துக்குக் கீழே, ‘உங்களுக்கு வந்த உடைசலில் ஒன்றை எடுத்து விளிம்பைப் பாருங்கள். நிறம் இந்த ஆழத்துக்கு இருக்கிறதா?’ என்று மட்டும் எழுதினேன். அவர் நம் பேச்சை நம்ப வேண்டியதில்லை, அவர் கையில் இருக்கும் கல்லையே பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது தண்ணீர்த் தொட்டி. வெறுமனே பார்த்தால் ஒன்றுமில்லாத படம், கல் தண்ணீருக்குள் கிடக்கும், அவ்வளவுதான். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வினை நடந்துதான் இறுகுகிறது. அதற்காகத்தான் கல்லைத் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி விட்டுவிடும். அவசர ஆர்டர் என்று தொட்டியில் நாளைக் குறைத்தால் பார்க்க அதே கல்தான், ஆனால் முனை பொடியும், மேல்பக்கம் சீக்கிரம் தேயும். வாங்குகிறவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத இடம் இது, அதனால் இதற்குத்தான் படம் அவசியம். இனிமேல் ஒவ்வொரு ஆர்டரும் தொட்டியில் இறங்குகிற அன்று தேதியையும் பூவின் பெயரையும் தொட்டிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் படம் எடுத்து, அந்த வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஊரான் பட்டறைப் படத்தைச் சுட்டுப் போடுகிறவனால் இதைச் செய்ய முடியாது. சிவப்பு ஏன் மாறியது என்பதற்கும் அவருக்குப் பதில் சொன்னோம். அவருடைய கல் இரண்டு தனித்தனிக் கலவையில் ஊற்றியது. நிறப்பொடியும் சிமெண்டும் எடைபோட்டுக் கலந்தாலும் ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் சாயல் கொஞ்சம் மாறும். ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்காமல், எல்லாப் பெட்டியையும் திறந்து கலந்து போடச் சொன்னோம். அவர் கூடத்தில் முதலில் வெறும் தரையில் பரப்பிப் பார்த்திருக்கிறார். வித்தியாசம் தரை முழுக்கப் பரவியதும் கண்ணுக்கு இதமாகிவிட்டது, பதித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. உன் வரிகளில் ‘இயற்கை நிறங்கள்’ என்றும், ‘நெருப்பே படாத, சுற்றுச்சூழலைக் காக்கும் கல்’ என்றும் எழுதியிருக்கிறாய். நிறம் கடையில் மூட்டையாக வாங்குகிற ஆக்சைடு பொடி. நம் பட்டறையில் சூளை இல்லை என்பது உண்மை, ஆனால் அந்தச் சிமெண்டு எங்கோ பெரிய சூளையில் வெந்துதானே வருகிறது? படிக்கிறவர்களில் ஒரு இன்ஜினியர் இருந்தால் போதும், இந்த ஒரு வரியால் மற்ற உண்மையெல்லாம் பொய்யாகிவிடும். தயவுசெய்து எடுத்துவிடு.

அதற்குப் பதில் நான் சேர்க்க நினைப்பது கல்லால் ஆகாததை. சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை, புளிக்கரைசல், வினிகர் சிந்தி அப்படியே கிடந்தால் மங்கலாக ஒரு தடம் விழும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டால் துடைத்தால் மேல்பக்கமே அரித்துப் போகும். புதுக் கல்லில் சில நேரம் வெள்ளைப் பூப்பு வரும், உள்ளே இருக்கும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மேலே வருவது அது. துடைக்கத் துடைக்கப் போய்விடும். இதைத் தெரியாமல் ஆசிட் ஊற்றிக் கெடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தரைகளை நினைத்தாலே வயிறு எரிகிறது. செட்டிநாட்டு வீடுகளில் வெறும் தண்ணீரும் எப்போதாவது தேங்காய் எண்ணெயும் போட்டுத் துடைத்த தரை இன்றும் முகம் தெரிகிற மாதிரி இருக்கிறது. வாங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் நாலு பேர் சமையலறைக்கு வேண்டாம் என்று பின்வாங்கலாம். பின்வாங்கட்டும். கூடத்துக்கு வாங்குகிறவர் நிம்மதியாக வாங்குவார்.

இன்னொன்று. கல் போடுகிற அண்ணனிடம் பெயரையும் முகத்தையும் போடட்டுமா என்று கேட்டேன். முகம் வேண்டாம், கை மட்டும் போடு என்றார். சிமெண்டு தின்ற அந்த விரல்களைப் பார்த்தால் உனக்குப் புரியும். ‘புன்னகைக்கும் கைவினைஞர்’ என்று நீ கேட்ட படம் அதனால் கிடையாது. அவரைச் சிரிக்கச் சொல்லி எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்று படத்தையும் என் வரிகளையும் இதோடு வைத்திருக்கிறேன். வாக்கியம் நீளமாக இருந்தால் வெட்டு, எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. ‘மாற்றித் தருவோம்’ என்ற வரியிலும் ஆசிட் வரியிலும் கை வைக்காதே. புதன்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது, அடுத்த லோடு மதுரைக்குப் போகிறது, அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்னாலேயே பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்