ஓ.பி. வரிசையில் வழி சொன்ன அக்காவுக்கு நன்றி

மதுரை பெரியாஸ்பத்திரியில் முதல்முறையாக அம்மாவைச் சர்க்கரைக்குக் காட்ட வந்த எங்களுக்கு வழி சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம்.

"சீட்டு போடுற இடத்துல வெறுமனே உடம்பு சரியில்லன்னு சொல்லாதீங்க, சர்க்கரைன்னு சொல்லுங்க" என்றார். சீட்டில் எழுதும் பிரிவு மாறினால் வேறு வரிசையில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும்.

அதைவிடப் பெரிய உதவி ரத்தப் பரிசோதனை விஷயத்தில். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். 8:15-க்கு இட்லி என்றால் 10:15-க்கு ஊசி. சாப்பிட்டு முடித்த நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம். முதல் வாய் வைத்த நேரத்தைச் சீட்டின் ஓரத்திலேயே பேனாவால் குறித்தும் கொடுத்தார். முன்னால் போனால் அளவு கூடித் தெரியலாம், ரொம்பத் தாமதித்தால் குறைந்து காட்டலாம். மருத்துவர் மாத்திரை எழுதுவதே அதை வைத்துத்தானே.

10 மணிக்கே ஆய்வக வாசலில் நின்றோம். இடையில் பசி தாங்காமல் டீ, பிஸ்கட் வேண்டாம் என்று அவர் சொல்லாவிட்டால் அன்றைய பரிசோதனையே வீணாகியிருக்கும்.

ரொம்ப நன்றிக்கா.