வெயில்ல வீடியோ எடுக்குறவங்க என்டி ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி படிங்க

வணக்கங்க,

“எஃப்2 லென்ஸ் வச்சிருக்கேன், வெயில்ல வீடியோ எடுத்தா எல்லாம் வெளுத்துப் போகுது, ஒரு என்டி ஃபில்டர் குடுங்க”ன்னு நிறைய பேர் கேக்குறீங்க, எத்தனை ஸ்டாப் வேணும்னு நாங்க திருப்பிக் கேட்டா அங்கதான் பேச்சு நின்னு போகுது. அந்தக் கணக்கை வாங்குறதுக்கு முன்னாடியே நீங்களே போட்டுடலாம், அதுக்குத்தான் இந்த மடல்.

போட்டோ மட்டும் எடுக்குறவங்களுக்கு பெரும்பாலும் ஃபில்டரே வேண்டாம், ஷட்டர் ஸ்பீடை 1/6400 வரைக்கும் ஏத்திட்டா எஃப்2 அப்படியே நிக்கும். வீடியோல அது முடியாது. செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50ல இருந்தாதான் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் அசைவு கொஞ்சம் கலங்கி, ஓட்டிப் பாக்குறப்ப இயல்பா தெரியும், 1/6400 வச்சா நடக்குற ஆளு கூட வெட்டி வெட்டி நடக்குற மாதிரி இருக்கும். ஷட்டரைத் தொட முடியாது, பின்னாடி மங்கலா வேணும்னு அபர்ச்சரையும் மூட மாட்டீங்க, ஐஎஸ்ஓ ஏற்கனவே 100ல இருக்கு. மிச்சம் லென்ஸுக்கு முன்னாடி வெளிச்சத்தைக் குறைக்கிறது மட்டும்தான்.

இப்ப கணக்கு. நல்ல வெயில்ல எஃப்16 வச்சா ஷட்டர் ஐஎஸ்ஓ நம்பர் அளவுக்கு இருக்கணும்ங்கிறது பழைய விதி, அதாவது ஐஎஸ்ஓ 100னா 1/100. நமக்கு 1/50 வேணும், ரெண்டு மடங்கு வெளிச்சம் உள்ள வரும், அதனால எஃப்22. அங்கேருந்து எஃப்2க்கு இறங்கி வாங்க: 16, 11, 8, 5.6, 4, 2.8, 2. ஏழு படி, ஏழு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்ங்கிறதால ரெண்டை ஏழு தடவை பெருக்கினா 128, அப்ப உங்களுக்கு வேண்டியது என்டி128. என்டி64 போட்டா ஒரு ஸ்டாப் பத்தாது, எஃப்2.8ல நிக்கணும், அதுல ஒண்ணும் குடி முழுகிடாது, நிறைய பேருக்கு அதுவே போதும். பெட்டில 1.8, 2.1னு போட்டிருந்தா குழம்பாதீங்க, 0.3 ஒரு ஸ்டாப், அதனால 1.8ங்கிறது என்டி64தான், 2.1 என்டி128.

ஆனா லாக் ப்ரொஃபைல்ல ஷூட் பண்றவங்க இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. லாக் போட்டதும் பல கேமராக்கள்ல ஐஎஸ்ஓ 800க்குக் கீழ இறங்காது, 100லேருந்து 800ன்னா மூணு ஸ்டாப், ஏழும் மூணும் பத்து, அதுக்கு என்டி1000 வேணும். ரெண்டுலேருந்து அஞ்சு ஸ்டாப் வரைக்கும் போற வேரியபிள் என்டி வாங்கிட்டுப் போய் “இன்னும் வெளுக்குதே”ன்னு திரும்பக் கொண்டு வர்றவங்க பலரோட கதை இதுதான், ஃபில்டர்ல குறையே இல்ல. மெனுல லாக்குக்குக் குறைஞ்சபட்ச ஐஎஸ்ஓ எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்க, அந்த நம்பர்தான் எங்களுக்கு முதல்ல வேணும்.

வேரியபிள்ங்கிறது ரெண்டு போலரைசர் கண்ணாடியை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத் திருப்புறது. மேகம் வந்து மறைச்சா மூணு ஸ்டாப் கூட சட்டுனு குறையும், அப்ப ஃபில்டரைக் கழட்டாம திருப்பியே சரி பண்ணலாம், ஒத்தை ஆளா ஓடி ஓடி எடுக்குறவங்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனா கடைசி வரைக்கும் திருப்பினா படத்துக்கு நடுவுல பெருக்கல் குறி மாதிரி கருப்பு நிழல் விழும், வைட் லென்ஸ்ல இன்னும் சீக்கிரமே விழும். வெள்ளைச் சுவரைக் காட்டி மெதுவா திருப்பிப் பாருங்க, நிழல் எட்டிப் பாக்குற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கணும், உங்க லென்ஸுக்கு அந்த ஃபில்டர் அவ்வளவுதான். போலரைசர்ங்கிறதால வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் தெரியுறதும் உண்டு. ஒரே இடத்துல நின்னு பேட்டி மாதிரி எடுக்குறவங்களுக்கு நாங்க ஃபிக்ஸட் என்டிதான் சொல்லுவோம்.

ஆறு ஸ்டாப்புக்கு மேல போறப்ப இன்னொண்ணு கவனிங்க. சாதா என்டி கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தைத் தடுத்துட்டு இன்ஃப்ராரெட்டை ஓரளவு உள்ள விட்டுரும், அது சென்சார்ல பதிஞ்சா கருப்பு பேன்ட் மெரூன் கலந்த பழுப்பா மாறும். வொயிட் பேலன்ஸ் மாத்தினா போகாது, கருப்பு சரியானா முகம் பச்சையடிக்கும். கருப்புத் துணியை வெயில்ல வச்சு ஃபில்டரோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். அப்படி வந்தா இன்ஃப்ராரெட்டையும் சேத்துத் தடுக்குற என்டிதான் வாங்கணும்.

வாங்க வர்றப்ப லென்ஸ் மூடியோட பின்பக்கத்தைப் பாருங்க, 67, 77னு மில்லிமீட்டர்ல ஒரு நம்பர் இருக்கும். இருக்குற லென்ஸ்லயே பெரிய நம்பருக்கு ஒரே ஃபில்டர் போதும், சின்னதுக்கெல்லாம் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கலாம்.

அன்புடன்,
கடைக்காரங்க